முதல் குடம் நாறியது, பழி தொட்டிமேல் விழுந்தது

 

போன மாதம் முழுக்க நான் இங்கே எதுவும் எழுதவில்லை. "டீச்சருக்கு உடம்பு சரியில்லையா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் வலி எப்போதும்போல இருக்கிறது. எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. எங்கள் பகுதிக்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிற வாரச் செய்தி வீடியோவில் ஒரு தவறு நடந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு. அது சரியாகும்வரை வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. வாலாஜாபாத்தை விட்டுப் போய் ஒரகடத்திலும் சென்னையிலும் துபாயிலும் இருக்கிற உங்களில் பலர் அந்த வீடியோவைப் பார்க்கிறீர்கள். அதனால் நடந்ததைச் சொல்லி, இப்படிப்பட்ட வீடியோ எப்படி இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். வகுப்பில் நீங்கள் பொறுத்துக்கொண்டதுபோல் இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடியோவைச் செய்வது என் பழைய மாணவன் ஒருவன். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். பெயர் வேண்டாம், அவனே கூச்சப்படுவான். வேலைக்குப் போய்வந்த நேரம் போக, சனிக்கிழமை மாலை போனை ஒரு ஸ்டாண்டில் வைத்து ஐந்து நிமிடம் பேசுவான். அந்த வாரம் எங்கள் நாலைந்து தெருக்களில் நடந்தது, அடுத்த வாரம் நடக்கப்போவது, இவ்வளவுதான். மின்தடை எந்தக் கிழமை, தடுப்பூசி முகாம் எங்கே, எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, பாலாற்றில் தண்ணீர் வந்தால் அவளூர் தரைப்பாலத்தில் போகலாமா கூடாதா. பெரிய செய்தித்தாளில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. எங்களுக்கோ இதுதான் தலைப்புச் செய்தி.

ஆரம்பத்தில் என்னிடம் தமிழ் திருத்தத்தான் வந்தான். "டீச்சர், ஒற்றுப்பிழை மட்டும் பாருங்க" என்பான். பார்த்துக் கொடுப்பேன். ஒற்றை மட்டும்தான் பார்த்தேன், விஷயத்தைப் பார்க்கவில்லை. என் பங்கு என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

ஒரு வாரம் எங்கள் பக்கத்துத் தெருவில் குடிநீர் நாறியது. மூன்று பெண்கள் காலையில் பிடித்த குடத்தைக் காட்டிப் பேசினார்கள். அவன் போனில் பதிவு செய்துகொண்டான். அவர்கள் சொன்னது பொய்யில்லை. குடத்துத் தண்ணீர் கலங்கலாக இருந்தது வீடியோவிலேயே தெரிந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல செய்தி. ஆனால் அவன் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தான்: "மேல்நிலைத் தொட்டியை மாதக்கணக்கில் கழுவாததால் மக்கள் கழிவுநீரைக் குடிக்கும் அவலம்." 'அவலம்' என்பதில் ஒற்றுப்பிழை இல்லை. நானும் சரி என்று அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றித் திறந்துவிடுகிறவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒப்பந்தச் சம்பளத்தில் இருப்பவர். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் சொன்னார்: "டீச்சர், கழுவுன தேதி தொட்டியிலேயே பெயின்ட்ல எழுதியிருக்குது. யாரும் வந்து பாக்கலையே. எம் பொண்ணு ஸ்கூல்ல புள்ளைங்க கேக்குதுங்களாம், உங்கப்பாதான் சாக்கடைத் தண்ணி விடுறாரான்னு."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு தொட்டிவரை நடந்தேன். தேதி இருந்தது. கழுவி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அடுத்து கழுவ வேண்டிய நாளும் அதன் கீழே எழுதியிருந்தது. தொட்டி எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை.

சரி, தொட்டி காரணமில்லை என்றால் தண்ணீர் ஏன் நாறியது? இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. எந்த வீட்டில் நாறுகிறது, எப்போது நாறுகிறது என்ற இரண்டு கேள்விகளை எடுத்துக்கொண்டு வீடுவீடாகக் கேட்டாலே போதும். நானும் அவனும் மறுநாள் காலை தண்ணீர் விடுகிற நேரத்தில் போய்க் கேட்டோம். தெருவின் முதல் ஏழு வீடுகளில் எந்தப் புகாரும் இல்லை. எட்டாவது வீட்டிலிருந்து கடைசிவரை எல்லோருக்கும் புகார். அதிலும் முதல் குடம்தான் நாறுகிறது, நாலைந்து குடம் போனபின் தெளிந்துவிடுகிறது என்றார்கள். அடுத்த தெருவுக்கும் அதே தொட்டித் தண்ணீர்தான். அங்கே ஒரு வீட்டிலும் நாற்றமில்லை.

தொட்டி அழுக்காக இருந்தால் அந்தத் தொட்டியிலிருந்து போகிற எல்லாத் தெருவிலும், முதல் குடத்திலிருந்து கடைசிக் குடம்வரை ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். ஒரு இடத்துக்கு அப்பால் மட்டும், அதுவும் முதல் சில நிமிடம் மட்டும் என்றால், கோளாறு குழாயில் அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

அறிவியல் பாடத்தில் காற்றழுத்தம் நடத்தியது நினைவிருக்கிறதா? டம்ளரில் தண்ணீர் நிரப்பி அட்டையை மூடிக் கவிழ்த்துக் காட்டுவேனே, அதுதான் இங்கேயும். நம் ஊரில் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் இருப்பதில்லை. காலையில் கொஞ்ச நேரம் வரும், பிறகு அடைத்துவிடுவார்கள். அடைத்ததும் குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் பள்ளத்து வீடுகளின் பக்கம் வடியும். வடியும்போது மேட்டுப் பக்கம் குழாய் உறிஞ்சும். அந்த நேரத்தில் குழாயைத் திறந்தால் 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்கும், கேட்டிருப்பீர்கள். வழியில் எங்காவது குழாயில் ஓட்டை இருந்து, அந்த ஓட்டை சாக்கடைக்குள் இருந்தால், காற்றுக்குப் பதில் சாக்கடை நீர் உள்ளே போகும். மறுநாள் தண்ணீர் விட்டதும் முதலில் தள்ளிக்கொண்டு வருவது அதுதான். தண்ணீர் ஓடும்போது உள்ளிருந்து அழுத்தம் இருப்பதால் கழிவு உள்ளே வராது, நல்ல தண்ணீர்தான் வெளியே கசியும். அதனால்தான் நாலாவது குடம் தெளிகிறது.

ஏழாவது வீட்டுக்கும் எட்டாவது வீட்டுக்கும் நடுவில் தெருக்கால்வாயின் மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு வீட்டு இணைப்புக்கான பழைய இரும்புக் குழாய் கால்வாய்க்குள்ளேயே குறுக்கே போயிருந்தது. அரித்து, விரல்நுனி அளவு ஓட்டை. யாரோ எந்தக் காலத்திலோ போட்ட இணைப்பு. அந்த வீட்டில் இப்போது குடியிருப்பவர்களுக்கே அது தெரியாது.

குழாயை மாற்றிய பிறகு இரண்டு சோதனைகள் செய்தார்கள். ஒன்று குளோரின் சோதனை. சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்பதை அட்டையோடு ஒப்பிட்டு அளவைப் படிக்கலாம். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தொட்டியின் பக்கத்தில் இருந்து, கடைசி வீட்டில் இல்லை என்றால், வழியில் ஏதோ அதைத் தின்றுவிட்டது என்று பொருள். இன்னொன்று பாட்டில் சோதனை. மருந்து தடவிய சின்னப் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி ஒன்றிரண்டு நாள் வைப்பார்கள். கறுத்தால் கழிவு கலந்திருக்க வாய்ப்பு உண்டு, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கறுக்கவில்லை என்றால் ஓரளவு நிம்மதி. எங்கள் பாட்டில் கறுக்கவில்லை.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாக ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வீடியோவில் சொல்லியிருக்க வேண்டிய செய்தியே இதுதான். "எட்டாவது வீட்டுக்கு அப்பால் முதல் சில குடங்களில் நாற்றம் வருவதாக இத்தனை வீட்டார் சொல்கிறார்கள். மற்ற வீடுகளில் இல்லை. காரணம் இன்னும் தெரியவில்லை. அதுவரை முதல் குடங்களைக் குடிக்கப் பிடிக்காதீர்கள், காய்ச்சிக் குடியுங்கள்." யாரையும் பழிக்காத இந்த நாலு வாக்கியம் ஞாயிற்றுக்கிழமையே போயிருந்தால், அந்தத் தெருவில் இன்னும் இரண்டு நாள் முதல் குடத்தையே குடித்த வீடுகள் குடித்திருக்காது. நாங்கள் தொட்டியைக் கைகாட்டியதால் எல்லோரும் தொட்டியைத் திட்டினார்களே தவிர, முதல் குடத்தை ஒருவரும் கொட்டவில்லை.

அவனோடு எனக்கு வாக்குவாதம் வந்தது இதற்குப் பிறகுதான்.

"டீச்சர், வீடியோவை எடுத்துடறேன். யாருக்கும் தெரியாது" என்றான்.

"டேய், எத்தனை வாட்ஸ்அப் குரூப்புக்குப் போயிருக்குன்னு உனக்குத் தெரியுமா? நீ எடுத்துட்டா, தப்பு அங்கே அப்படியே இருக்கும், திருத்தம் எங்கேயும் இருக்காது" என்றேன்.

"அப்படின்னா கீழே கமெண்ட்ல போட்டுடலாம்."

"பெயரைக் கெடுத்தது வாயால. கமெண்ட்ல எழுதினா போதுமா?"

அடுத்த ஞாயிறு வீடியோவின் முதல் செய்தியாக அதை அவனே வாசித்தான். எப்படி வாசிப்பது என்பதற்கே இரண்டு மணி நேரம் பிடித்தது. "தொட்டி கழுவப்படவில்லை என்று சென்ற வாரம் சொன்னோம், அது தவறு" என்று முதலில் எழுதியிருந்தான். பாதி கேட்டுவிட்டுப் போகிறவர் காதில் 'தொட்டி கழுவப்படவில்லை' என்பதுதான் மறுபடி விழும். அதனால் உண்மையை முன்னே வைத்தோம். "நமது தொட்டி இன்ன தேதியில் கழுவப்பட்டிருக்கிறது. தேதி தொட்டியிலேயே இருக்கிறது. சென்ற வாரம் நான் நேரில் போய்ப் பார்க்காமல் வேறு மாதிரி சொல்லிவிட்டேன். அந்தப் பணியைச் செய்பவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்." பிறகுதான் குழாய், ஓட்டை, சோதனை எல்லாம். முன்பு எந்தெந்தக் குரூப்புக்குப் போனதோ அத்தனைக்கும் இதையும் அனுப்பச் சொன்னேன். பார்த்தவர்கள் முந்தியதைவிடக் குறைவுதான். திருத்தம் ஒருபோதும் தவறின் வேகத்தில் ஓடாது. அதனால்தான் வாசிப்பதற்கு முன் பத்து நிமிடம் நடந்திருக்க வேண்டும் என்கிறேன்.

"டீச்சர், அவங்க பெரிய சேனல்லயே இப்படித்தானே சொல்றாங்க" என்று யாராவது கேட்பீர்கள். பெரிய சேனலில் ஒருவரைத் தவறாகச் சொன்னால் அவரை அறியாத லட்சம் பேர் பார்ப்பார்கள். எங்கள் வீடியோவைப் பார்ப்பவர்கள் சில நூறு பேர்தான். ஆனால் அத்தனை பேரும் அவரை அறிந்தவர்கள். அவர் மறுநாள் அதே டீக்கடைக்குத்தான் போக வேண்டும்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு இந்த வேலையை ஏற்கனவே செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். உங்களில் சிலர் 'கபர் லஹரியா' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உத்தரப் பிரதேசத்தில் சித்ரகூட் பக்கம் 2002-ல் கிராமத்துப் பெண்கள் தொடங்கிய பத்திரிகை. அவர்களில் பெரும்பாலோர் தலித், முஸ்லிம், பழங்குடிப் பெண்கள். தங்கள் வட்டாரப் பேச்சான புந்தேலியில் எழுதினார்கள். 2009-ல் யுனெஸ்கோவின் எழுத்தறிவு விருது கிடைத்தது. பிறகு அச்சை விட்டுப் போனைக் கையில் எடுத்து வீடியோ செய்திக்கு மாறினார்கள். சாலை, கைப்பம்பு, கழிப்பறை, மின்சாரம் என்று எங்கள் வீடியோவில் வருகிற அதே விஷயங்கள்தான் அவர்கள் செய்தியிலும்.

அவர்களைப் பற்றி 'ரைட்டிங் வித் ஃபயர்' என்று ஒரு ஆவணப்படம் 2021-ல் வந்தது. 2022-ல் ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. ஊரே கொண்டாடியபோது, அந்தப் பெண்கள் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். படம் மனதைத் தொடுகிறது, ஆனால் ஏதோ ஒரே கட்சியைப் பற்றி மட்டுமே நாங்கள் செய்தி சேகரிப்பதுபோல் காட்டுகிறது, அது சரியல்ல என்றார்கள். தங்களைப் புகழ்கிற படத்தைப் பார்த்து, 'இதில் பாதிதான் இருக்கிறது' என்று சொல்வது லேசா? படத்தில் பொய் எதுவும் இருந்ததாக அவர்கள் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டதும் விட்டதும் சேர்ந்து வேறு உருவம் தந்துவிட்டது என்பதுதான் அவர்கள் வருத்தம். எங்கள் வீடியோவில் பேசிய மூன்று பெண்களும் உண்மைதான் சொன்னார்கள். முதல் ஏழு வீட்டுக்காரர்களை நாங்கள் கேட்கவில்லை. அதே கதைதான்.

இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். இது எல்லோரும் செய்வது. "இது குறித்து அலுவலகத்தைத் தொடர்பு கொண்டபோது பதில் இல்லை" என்று ஒரு வரி இருக்கிறதல்லவா? அவனும் பழைய வீடியோக்களில் அதை அடிக்கடி போட்டிருந்தான். எப்போது கூப்பிட்டாய் என்று கேட்டேன். சனிக்கிழமை மதியம் மூன்று மணியாம். அலுவலகம் பூட்டியிருக்கும் நேரத்தில் மணி அடித்துவிட்டு, பதில் இல்லை என்றால் அது உண்மையா? வரி உண்மை, அதன் அர்த்தம் பொய். இப்போது வியாழக்கிழமை காலையே கேட்டுவிடுகிறான். என்ன கேட்டோம், எந்தக் கிழமை கேட்டோம் என்றும் வாசிக்கிறான். பெரும்பாலும் பதில் வருகிறது. ஆச்சரியம் என்னவென்றால், கேட்டவுடனே பாதி வேலை நடந்துவிடுகிறது. அப்புறம் செய்தியே இல்லாமல் போகிறதே என்று அவனுக்குக் கவலை! அதையே செய்தியாக்கு என்றேன்.

மழைக்காலத்துக்கும் ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தேன். மழை அளவை நாள்தோறும் காலை 8.30 மணிக்குத்தான் எடுப்பார்கள். முந்தின நாள் 8.30 முதல் அன்று 8.30 வரை பெய்தது அது. இதைத் தெரியாமல் "இன்று இத்தனை மில்லிமீட்டர் கொட்டியது" என்றால், இன்று வெயில் அடித்திருக்கும், கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஏரிச் செய்தி இன்னும் மோசம். ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் வழிவதை ஒருவர் வீடியோ எடுத்து "ஏரி உடைந்தது" என்று அனுப்பிவிடுவார். கலங்கல் எதற்காகக் கட்டியிருக்கிறது? மிச்சத் தண்ணீர் வழிவதற்குத்தான். அங்கே வழிந்தால் ஏரி தன் வேலையைச் செய்கிறது. கரையில், மண்ணோடு சேர்ந்து கலங்கலாகத் தண்ணீர் கசிந்தால்தான் பயப்பட வேண்டும். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது. நம்மைச் சுற்றி ஏரிகள்தானே.

பழைய வெள்ள வீடியோக்கள் வேறு ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் உயிர்பெற்று வரும். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து ஓடியபோது எடுத்ததைப் போன வருடமும் ஒருவர் எனக்கே அனுப்பினார், "டீச்சர், ஜாக்கிரதை" என்று. அன்போடு அனுப்பியதுதான். அதனால் எங்கள் வீடியோவில் எந்தக் காட்சி வந்தாலும் எடுத்த நாள் மூலையில் இருக்கும். நாள் தெரியாத காட்சியைச் சேர்ப்பதில்லை. அந்த வாரம் காட்சியே கிடைக்கவில்லை என்றால் அவன் முகம் மட்டும்தான். முகம் நன்றாகத்தான் இருக்கிறது.

உறவுக்காரர் விஷயம் ஒன்று வந்தது. எங்கள் வீட்டு நெருங்கிய உறவினர் ஒருவர் கடைக்கு முன்னால் கட்டிய படி, நடக்கிற பாதையை மறிக்கிறது என்று புகார். வீட்டில் எல்லோருக்கும் முகம் சுளித்தது. "பெரியம்மா, இதை விட்டுடச் சொல்லுங்களேன்" என்று ஒரு போன். யார் என்று இங்கே சொல்ல மாட்டேன், படித்துக்கொண்டுதான் இருப்பாய்!

நான் அவர்களுக்கு உத்திரமேரூரை நினைவுபடுத்தினேன். நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை நான் அழைத்துக்கொண்டு போவேனே, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டு. குடவோலை எப்படி எடுப்பது என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறொரு பகுதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அதோடு விடவில்லை. அவருடைய அத்தை மகன், மாமன், மாமனார், மச்சினன், மருமகன் என்று உறவுகளை வரிசையாகச் சொல்லி, அவர்களையும் விலக்கியிருக்கிறார்கள். ஏரிக்குத் தனி வாரியம் வைத்திருந்த ஊர் அது. ஊர்க் காரியத்தில் உறவு எப்படியெல்லாம் வளைக்கும் என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

நாங்கள் அவ்வளவு கடுமையாகப் போக முடியாது. நாலு தெருவில் உறவில்லாதவர் யார்? அதனால் செய்தியை விடவில்லை. அதைத் திருத்தும் வேலையை நான் தொடாமல் வேறொருவரிடம் கொடுத்தேன். வாசிக்கும்போது, "இந்தக் கடைக்காரர் நமக்கு உதவும் ஆசிரியரின் உறவினர்" என்று சொல்லிவிட்டே ஆரம்பித்தான். எத்தனை அடிப் பாதை, அதில் படி எத்தனை அடி, கடைக்காரர் என்ன சொல்கிறார் என்று மட்டும் வாசித்தான். படி இப்போது உள்ளே தள்ளிப் போய்விட்டது. அந்த வீட்டில் எனக்கு இன்னும் காபி கிடைக்கிறது, சர்க்கரைதான் கொஞ்சம் குறைச்சல்.

கடைசியாக, விடைபெறும் வார்த்தை. இதில்தான் எனக்கும் அவனுக்கும் நெடுநாள் சண்டை.

அவன் ஆரம்பத்தில் இப்படி முடிப்பான்: "நம்ம ஏரியா சூப்பர் ஏரியா, எல்லாம் நல்லதே நடக்கும், நன்றி வணக்கம்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வாரம் எங்கள் தெருவில் ஒரு சாவு. அந்த வாரமும் அதே சிரிப்பு, அதே வார்த்தை. அந்த வீட்டம்மா அதைப் பார்த்திருப்பாரே என்று எனக்கு உடம்பு கூசியது. இன்னொரு வாரம் எதிர்ப்பக்கம் போனான்: "இதையெல்லாம் தட்டிக் கேட்காத நாம் மனிதர்கள்தானா? சிந்திப்போம்!" செய்தி கேட்க உட்கார்ந்தவரை எழுந்து போகும்போது குட்டி அனுப்புகிற மாதிரி.

அமெரிக்காவில் வால்டர் கிராங்கைட் என்று ஒரு செய்தி வாசிப்பாளர். 1962 முதல் 1981 வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியின் மாலைச் செய்தி அவருடையது. ஒவ்வொரு நாளும், 'இன்றைய நிலை இதுதான்' என்ற பொருளில் ஒரே வாக்கியத்தைச் சொல்லி முடிப்பார். ஆனால் கடைசியில் தன் கருத்தைச் சொல்லி முடிக்கிற நாட்களில் மட்டும் அந்த வாக்கியத்தைச் சொல்ல மாட்டாராம். கருத்தை 'இதுதான் நிலை' என்று முத்திரை குத்தக் கூடாது என்பதற்காக. ஈரானில் அமெரிக்கர்கள் பிணைக்கைதிகளாக இருந்தபோது, விடைபெறும் வாக்கியத்தோடு இது எத்தனையாவது நாள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அது 444 நாள் வரை போனது. தீராத ஒன்றை மறக்கவிடாமல், யாரையும் திட்டாமல், எண்ணை மட்டும் சொல்வது. இது எனக்குப் பிடித்துப்போயிற்று.

நம் வீட்டு வானொலியையும் நினைத்துப் பாருங்கள். டெல்லி அஞ்சலில் சரோஜ் நாராயணசுவாமி வாசிப்பார். 2022-ல் காலமானார். என் அப்பா அவர் குரல் வந்தால்தான் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். அந்தக் குரலில் எவ்வளவு பரிவு! ஆனால் எந்தச் செய்திக்கு அவர் எந்தப் பக்கம் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. பரிவு குரலில் இருந்தது, செய்தியில் கலக்கவில்லை.

இதையெல்லாம் சொன்னதும் அவன் ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்தான். இப்போது முடிவு இப்படி: முதலில், தீராமல் இருப்பவற்றின் நாள்கணக்கு. "பள்ளிக்கூட வளைவில் விளக்கு எரியாமல் இன்றோடு முப்பத்தொரு நாள்." அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அப்புறம் ஒரு மூச்சு விடுவான், நான் சொல்லிக்கொடுத்தது, செய்தி முடிந்தது என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டுமே. அப்புறம் சிரிக்காமலும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமலும் சொல்வான்:

"பக்கத்து வீட்டுல தனியா இருக்கிற பெரியவங்க யாராவது இதைப் பார்த்திருக்க மாட்டாங்க. போய்ச் சொல்லுங்க. அப்படியே சாப்பிட்டாங்களான்னும் கேளுங்க. அடுத்த ஞாயிறு வர்றேன்."

இதை அவனே எழுதினான். ஒற்றுப்பிழை எதுவும் இல்லை. நான் கை வைக்கவில்லை.

முதல் வாரம் இதைச் சொன்ன அன்று மாலை என் வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள், "டீச்சர், சாப்பிட்டீங்களா?" என்று. மூன்றாவதாக வந்தவர் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவர். மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெண் ஐந்தாம் வகுப்பாம். வாய்ப்பாடு கேட்டேன், பதிமூன்றில் தடுமாறினாள். ஞாயிறு சாயந்திரம் வரச் சொல்லியிருக்கிறேன்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீடியோவில் உங்கள் தெருவைப் பற்றி ஏதாவது தவறாக இருந்தால் கமெண்டில் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுப் போகாதீர்கள். எந்த இடம் தவறு, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு வரி எனக்கு எழுதுங்கள். வியாழக்கிழமைக்குள் வந்தால் அந்த வாரமே போய்ப் பார்த்துவிடுவோம். பள்ளிக்கூட வளைவு விளக்கு இந்த வாரமும் எரியவில்லை. நாளை வாசிக்கும்போது முப்பத்தெட்டு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்